பாலிசியின் எட்டாவது விலக்கு

"கேஷ்லெஸ் வரவில்லை சார், காஸ்மெடிக் என்று போட்டிருக்கிறார்கள்." மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுண்டரில் இந்தப் பதிலைக் கேட்டு நிற்பவர்கள் எல்லாரும் அழகுக்காக அங்கே வந்தவர்கள் இல்லை. மூக்கின் நடுத்தண்டு வளைந்து இரவெல்லாம் வாயால் மூச்சு விடுகிறவர் அவர்களில் இருப்பார். தீக்காயத் தழும்பு இறுகி, தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்த முடியாதவர் இருப்பார். மேல் இமை தொங்கி, எதிரே வரும் வண்டி பாதிதான் தெரிகிற முதியவர் இருப்பார். இவர்களுக்குச் செய்யப்போவது பிளாஸ்டிக் சர்ஜரி வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதனால் மட்டும் அது பாலிசிக்கு வெளியே போய்விடாது. உள்ளேயா வெளியேயா என்பதை முடிவு செய்வது விலக்குப் பட்டியலில் இருக்கும் ஒரே ஒரு பத்தி.

அந்தப் பத்தியைக் கண்டுபிடிப்பது எளிது. இந்தியாவில் விற்கப்படும் மருத்துவக் காப்பீட்டு பாலிசியின் பிடிஎஃப்பைத் திறந்து, தேடல் பெட்டியில் `Excl08` என்று தட்டினால் போதும். 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை மேம்பாட்டு ஆணையம் விலக்குகளை ஒழுங்குபடுத்தி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதுவரை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு வாசகம் எழுதி வந்தது. ஒரே சிகிச்சையை ஒரு கம்பெனி ஏற்கும், இன்னொன்று தள்ளும். வழிகாட்டுதலுக்குப் பிறகு பதினெட்டு விலக்குகளுக்குப் பொதுவான வாசகமும் `Excl01` முதல் `Excl18` வரை குறியீட்டு எண்ணும் வந்தன. கம்பெனி எதுவானாலும், அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் வாசகம் ஒன்றுதான். எட்டாவது எண், காஸ்மெடிக் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி.

அதன் சாரத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம். காஸ்மெடிக் அல்லது பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைக்கோ, தோற்றத்தை மாற்றுவதற்கான எந்தச் சிகிச்சைக்கோ ஆகும் செலவு கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு உறுப்பைச் சீரமைப்பதற்காகச் செய்தால் கிடைக்கும். உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்கு மருத்துவ ரீதியில் அவசியமான சிகிச்சையின் பகுதியாகச் செய்தாலும் கிடைக்கும். அந்த அவசியத்தைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும்.

முதல் வாக்கியத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். விலக்குப் பட்டியலில் மறுப்பு முதலில் வரும், அதற்கான விதிவிலக்கு பின்னால் வரும். காப்பீடு வாங்கியவருக்குப் பயன்படுவது பெரும்பாலும் அந்தப் பின்பாதிதான்.

அதில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே அகலம் இல்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் என்ற முதல் வாசலில் 'ஆபத்து', 'உடனடி' என்ற நிபந்தனைகள் கிடையாது. சீரமைப்பு என்று இருந்தால் போதும். மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை அகற்றிய பெண் மறுசீரமைப்பு அறுவை செய்துகொள்கிறார் என்றால், அதைச் செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. எத்தனை மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்ற கெடுவும் அந்த வாசகத்தில் இல்லை. கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து தோல் தேறுவதற்காக மருத்துவர்கள் சீரமைப்பைத் தள்ளி வைப்பது வழக்கம். அப்படித் தள்ளி வைத்ததால் அது அழகு சிகிச்சை ஆகிவிடாது. பாலிசி இடைவெளி இல்லாமல் நடப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கழுத்துத் தீக்காயத் தழும்பை விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்துப் பதிக்கும் அறுவையும் இதே வாசலில்தான் நுழைகிறது.

இரண்டாவது வாசல் குறுகலானது. நேரடியான ஆபத்து, உடனடியான ஆபத்து, மருத்துவ அவசியம், மருத்துவரின் சான்று என நான்கும் சேர வேண்டும். இதில் 'மருத்துவ அவசியம்' என்பதற்கு பாலிசியின் முன்பக்கங்களில், சொல் விளக்கப் பகுதியில், தனியாக ஓர் இலக்கணம் இருக்கிறது. நோய் அல்லது காயத்தைக் கவனிக்கத் தேவையானதாக இருக்க வேண்டும்; தேவைக்கு மேல் போகக்கூடாது; மருத்துவர் எழுதித் தந்திருக்க வேண்டும்; மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட முறையாக இருக்க வேண்டும். விலக்கைப் பின்பக்கத்திலும் அதில் வரும் சொல்லின் பொருளை முன்பக்கத்திலும் வைப்பதுதான் பாலிசி ஆவணத்தின் அமைப்பு. விலக்குப் பக்கத்தை மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பாலிசி எதற்கெல்லாம் பணம் தரும் என்று சொல்லும் பகுதி அது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் 'ஆரோக்ய சஞ்சீவனி' என்ற பொதுமாதிரி பாலிசி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று ஆணையமே வகுத்துக் கொடுத்தது அது. அதன் பயன்கள் பகுதியில், நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் பல் சிகிச்சைக்கும் செலவு உண்டு என்று எழுதியே இருக்கிறது. அதே பாலிசியின் பின்பக்கத்தில் எட்டாவது விலக்கும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும்: நோய்க்கோ காயத்துக்கோ மருந்தாகச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரி உள்ளே, தோற்றத்துக்காக மட்டும் செய்வது வெளியே. மறுப்புக் கடிதம் வந்த கையோடு பலரும் விலக்குப் பக்கத்தை மட்டுமே புரட்டுகிறார்கள். தங்களுக்குச் சாதகமான வரி பத்துப் பக்கம் முன்னால் இருப்பது கண்ணில் படுவதே இல்லை.

நடைமுறையில் இது எப்படிப் போகும் என்பதற்கு ஒரு மூக்கை எடுத்துக்கொள்ளலாம். கணக்குக்காகக் கற்பனை செய்த நிலைமைதான் இது, ஆனால் இப்படிப்பட்ட பில்கள் தினமும் கவுண்டருக்கு வருகின்றன. முப்பத்தைந்து வயதுக்காரர். ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி, ஐந்து லட்சம் ரூபாய்க்கு. பாலிசி எடுத்த பிறகு மூக்கடைப்பு தொடங்குகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்து, நடுத்தண்டு இடப்பக்கம் வளைந்து காற்றுப் பாதையை அடைக்கிறது என்கிறார். தண்டை நேராக்க ஓர் அறுவை, செப்டோபிளாஸ்டி என்பார்கள். கூடவே, "மேலே இருக்கும் மேட்டையும் இதோடு சரி செய்துவிடலாமே" என்று ஒரு யோசனை வருகிறது. அது ரைனோபிளாஸ்டி, மூக்கின் வெளி வடிவத்தை மாற்றுவது. இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்தால் செப்டோரைனோபிளாஸ்டி என்று ஒற்றைப் பெயரில் எழுதுவது மருத்துவ வழக்கம்.

சிக்கல் அந்த ஒற்றைப் பெயரில் தொடங்குகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பில்லிலும் அந்த ஒரு சொல் மட்டும் இருந்தால், கிளெய்மைப் பார்க்கும் அதிகாரிக்கு எது மூச்சுக்கு, எது முகத்துக்கு என்று பிரிக்க வழியில்லை. முழுவதையும் எட்டாவது விலக்கில் தள்ளிவிடுவது அவருக்கு எளிது. பிரித்து எழுதியிருந்தால் கதை வேறு. மொத்த பில் 1,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் வெளி வடிவத்துக்கான அறுவைக் கட்டணம் 45,000. அதைக் கழித்தால் 95,000. கூடுதலாக எடுத்த தியேட்டர் நேரத்துக்கும் மயக்க மருந்துக்கும் இன்னொரு 10,000 கழிந்தாலும் 85,000 நிற்கிறது. இந்த பாலிசியில் ஒவ்வொரு கிளெய்மிலும் ஐந்து சதவீதம் காப்பீடு எடுத்தவரே ஏற்க வேண்டும், அது 4,250. கைக்கு வருவது 80,750 ரூபாய். ஒரே அறுவை, ஒரே பில், எழுதிய விதத்தால் பூஜ்யத்துக்கும் எண்பதாயிரத்துக்கும் வித்தியாசம்.

ஆனால் இந்தக் கணக்கு நிற்பதற்கு இன்னொரு பத்தியைத் தாண்டியாக வேண்டும். `Excl02` என்ற எண்ணில் குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இருக்கிறது. ஆரோக்ய சஞ்சீவனியில் காது, மூக்கு, தொண்டையின் சாதாரணக் கோளாறுகள், சைனஸ், குடலிறக்கம், மூலம், கண்புரை, சிறுநீரகக் கல் போன்றவை அந்தப் பட்டியலில் வருகின்றன. இருபத்து நான்கு மாதம் பாலிசி தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும். நம் நோயாளி பாலிசி எடுத்து முப்பதாவது மாதத்தில் போனால் 80,750 கிடைக்கும். பதினான்காவது மாதத்தில் போனால், மருத்துவர் எவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தாலும் ஒன்றும் கிடைக்காது. அவசரமில்லாத அறுவை என்றால், தேதி குறிக்கும் முன் பாலிசி எத்தனையாவது மாதத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பட்டியலும் காலமும் மாறும்.

இப்போது அதே மூக்கு, வேறு காரணம். பாலிசி எடுத்த பிறகு பைக்கிலிருந்து விழுந்து மூக்கெலும்பு உடைந்து, வடிவம் கோணிவிட்டது. இங்கே இரண்டு மறுப்பும் சேர்ந்து விலகுகின்றன. விபத்தால் வந்த கிளெய்முக்கு அந்தக் காத்திருப்புக் காலம் பொருந்தாது என்று `Excl02`வே சொல்கிறது. விபத்துக்குப் பிறகான சீரமைப்பை எட்டாவது விலக்கு அனுமதிக்கிறது. ஆகவே உடைந்ததை முன்பிருந்தபடி கொண்டுவரும் அளவுக்கு வெளி வடிவத்தைச் சரிசெய்யும் செலவும் உள்ளே வரும். முந்தைய கணக்கில் கழித்த 45,000 ரூபாயையும் இங்கே கேட்கலாம். ஆனால் விபத்து நடந்தது காகிதத்தில் இருக்க வேண்டும். விழுந்த அன்றே மருத்துவமனைக்குப் போய்ப் பெற்ற ஏஆர் காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகல், அப்போதைய எக்ஸ்ரே அல்லது சிடி ஸ்கேன், காவல் நிலையத்தில் பதிவாகியிருந்தால் அந்த நகல் ஆகியவை வேண்டும். வீட்டிலேயே ஐஸ் ஒத்தடம் கொடுத்துவிட்டு எட்டு மாதம் கழித்து "அன்று விழுந்ததால்தான்" என்று சொன்னால் நம்ப வைப்பது மிகக் கடினம்.

தொங்கும் இமையின் நிலைமை இன்னும் நுட்பமானது. விபத்தும் இல்லை, புற்றுநோயும் இல்லை. குறுகலான இரண்டாவது வாசலில் 'உடனடி ஆபத்து' என்று வாதாடுவதும் எளிதல்ல. ஆனால் அந்த வாசலுக்கே போகாமல் ஒரு வாதம் இருக்கிறது. எட்டாவது விலக்கின் மையம் தோற்றத்தை மாற்றுவது. பார்வையை மறைக்கும் இமையை உயர்த்துவது பார்வையைத் திருப்பித் தருவதற்காக. தோற்றம் மாறுவது அதன் பக்க விளைவு. நோயால் தேவைப்பட்ட பிளாஸ்டிக் சர்ஜரி என்ற பயன் பகுதியின் வரிக்குள் அது வருகிறது. இந்த வாதத்துக்கு உயிர் கொடுப்பது பார்வைப் புலச் சோதனை. இமையை அப்படியே விட்டு ஒரு முறை, பிளாஸ்டர் ஒட்டி உயர்த்திப் பிடித்து ஒரு முறை எடுத்தால், மேல் பக்கம் எவ்வளவு பார்வை இழந்திருந்தது என்பது வரைபடத்தில் கறுப்பாகத் தெரியும். அறுவைக்குப் பிறகு இந்தச் சோதனையை எடுக்க முடியாது. முன்பே எடுத்து, முன் அனுமதி விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். ஆண்களுக்கு மார்பு வீங்கும் கைனகோமாஸ்டியா, கனமான மார்பகத்தால் வரும் கழுத்து வலி போன்றவற்றிலும் இதே போராட்டம்தான். அவற்றில் வெற்றி நிச்சயமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அழகு சிகிச்சை என்று பொதுவாக நினைக்கப்படும் இன்னும் இரண்டு சிகிச்சைகளுக்கு எட்டாவது விலக்கு பேசவே பேசாது. தனி எண்களும் தனி அளவுகோல்களும் வைத்திருக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்துகொள்வது `Excl15`. பவர் 7.5 டயாப்டருக்குக் குறைவாக இருந்தால் கிடையாது, மருத்துவர் என்ன எழுதினாலும் சரி. உடல் எடை குறைப்பு அறுவை `Excl06`. அங்கே உடல் நிறை எண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத் தடை போன்றவற்றில் ஒன்று இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல் போயிருந்தாலும் ஏற்கப்படும். 165 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு 40 என்பது ஏறக்குறைய 109 கிலோ, 35 என்பது 95 கிலோ. எண்ணால் அளக்கும் விலக்கில் வாதத்துக்கு இடமில்லை. அறுவைக்கு முந்தைய அளவீடு மருத்துவமனைக் குறிப்பில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறியீட்டு எண் உள்ள விலக்குகள் முடிந்த பிறகு, பல பாலிசிகளில் எண்ணில்லாத இன்னொரு பட்டியல் தொடங்கும். அது அந்தக் கம்பெனி தானாகச் சேர்த்தது. நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் இங்கே ஒரு பாலிசியைப் போல் இன்னொன்று இருக்காது. பிறவியிலேயே வெளியில் தெரியும் குறைகளுக்குச் சிகிச்சை இல்லை என்ற வரி பல பாலிசிகளில் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. உடலுக்குள் இருக்கும் பிறவிக் குறையை, உதாரணமாக இதயத் துவாரத்தை, நிரந்தரமாக விலக்க 2019 வழிகாட்டுதல் இடம் தரவில்லை. உதட்டுப் பிளவு வெளியில் தெரிவது. அதனால் இந்த வரி உள்ள பாலிசியில் மறுக்கப்படலாம். பால் குடிக்கவே சிரமப்படும் குழந்தைக்குச் செய்யும் அறுவையை அழகோடு சேர்ப்பது எந்த நியாயத்திலும் சேராது. குழந்தை பிறக்கும் திட்டம் உள்ள குடும்பம் பாலிசி வாங்கும்போது இந்த வரியைத் தேடிப் பார்க்கட்டும். ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: 'ஸ்மைல் டிரெயின்' போன்ற தொண்டு அமைப்புகளோடு இணைந்த மருத்துவமனைகளில் இந்த அறுவையைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள்.

ஐந்து வருடம் பாலிசி ஓடிவிட்டால் எதையும் மறுக்க முடியாது என்று சில ஏஜென்டுகள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. அறுபது மாதம் தொடர்ந்து பாலிசி இருந்தால், பழைய நோயைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டி கிளெய்மைத் தள்ள முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டும் முடியும். 2024ல் எட்டு வருடத்திலிருந்து இந்த அளவுக்குக் குறைத்தார்கள். ஆனால் நிரந்தர விலக்குகளை அது தொடாது. முதல் வருடத்தில் கிடைக்காத முடி நடும் சிகிச்சை இருபதாவது வருடத்திலும் கிடைக்காது.

பாலிசியைப் படிக்க நேரம் கொடுக்கவில்லை என்று இப்போது சொல்ல முடியாது. புதிய பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாள் வரை, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். 2024 ஜனவரி முதல், முக்கிய விவரங்களை எளிய மொழியில் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளும் தர வேண்டும். கேட்டால் உள்ளூர் மொழியில், அதாவது தமிழிலும். அந்தத் தாள் விலக்குகளின் தலைப்பை மட்டும் சொல்லி, முழு வாசகம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று எண்ணைக் காட்டும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முழு ஆவணத்துக்குப் போக வேண்டும்.

விலக்குகளைச் சொல்லாமல் விற்றால் என்ன ஆகும்? உச்ச நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி போயிருக்கிறது. 'மாடர்ன் இன்சுலேட்டர்ஸ்' வழக்கில் (2000) கவர் நோட்டும் அட்டவணையும் மட்டுமே வாடிக்கையாளருக்குத் தரப்பட்டிருந்தன. தெரிவிக்கப்படாத விலக்கை நம்பிக் கம்பெனி தப்ப முடியாது என்றது நீதிமன்றம். 2019ல் 'பாரத் வாட்ச் கம்பெனி' வழக்கிலும் அதையே சொன்னது. 'ஈஷர் தாஸ் மதன் லால்' வழக்கில் (2007), விலக்கு பொருந்தும் என்று நிரூபிக்கும் சுமை கம்பெனியின் தலையில்தான், வாசகத்தில் குழப்பம் இருந்தால் அதன் பயன் வாடிக்கையாளருக்குத்தான் என்று தீர்ப்பானது. இவை உடல்நல பாலிசி வழக்குகள் அல்ல. ஆனால் கொள்கை எல்லா பாலிசிக்கும் பொது. 'இது அழகுக்காக இல்லை' என்று நோயாளி நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணமே தலைகீழானது.

ஆகவே மறுப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பிரிவின்கீழ் என்று எழுத்தில். பாலிசியின் குறிப்பிட்ட விதியைச் சுட்டாமல் மறுக்கக் கூடாது என்பது ஆணையத்தின் 2024 சுற்றறிக்கை. அடுத்து அறுவை செய்த மருத்துவரிடம் ஒரு கடிதம். 'நோயாளிக்கு அறுவை தேவைப்பட்டது' என்ற பொதுவான வரி எதற்கும் உதவாது. என்ன குறை, எந்தச் சோதனையில் தெரிந்தது, எந்த மருந்தை எத்தனை வாரம் கொடுத்தும் தீரவில்லை, அறுவை செய்யாமல் விட்டால் என்ன ஆகும், எந்தப் பகுதி அறுவை எதற்காக என்று அதில் இருக்க வேண்டும். இதைக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால், ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க அனுமதியும் கிடையாது. காப்பீடு எடுத்தவரே பேச வேண்டும். ஐம்பது லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், முப்பது நாளுக்குள் நிறைவேற்றியாக வேண்டும். தீர்ப்பு தனக்கு ஒப்பவில்லை என்றால் நோயாளி மட்டும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.